2026-27 பராமரிப்புத் துறை பட்ஜெட்: ஒப்புதல் வேண்டி

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

ஐயா, வரும் ஆண்டுக்கு ரூ.60.6 லட்சம் கோருகிறோம். 2025-26இல் உண்மையில் செலவானது ரூ.62.7 லட்சம்.

உதிரிபாகங்கள்: சென்ற ஆண்டுக்கான ஒதுக்கீடு 38 லட்சம், செலவு 44.6. கூடுதலில் 5.1 லட்சம், இயந்திரம் நின்ற பிறகு அவசரமாக வாங்கிய பேரிங், பெல்ட்டுகளுக்குப் போனது. இவற்றை இனி முன்கூட்டியே ஆர்டர் செய்வோம். எனவே 42 லட்சம் போதும். இதில் ரிங் ஃபிரேம் காட்ஸ், ஏப்ரன் செலவைக் குறைக்க வேண்டாம். தேய்ந்த காட்ஸில் ஓட்டினால் நூல் சீராக வராது, அறுப்பும் கூடும்; மிச்சப்படுத்தும் பணம் கழிவுப் பஞ்சாகப் போய்விடும்.

ஓவர்டைம்: செலவு 7.8, கோரிக்கை 5 லட்சம். பெரும்பகுதி இரவு ஷிப்ட் பிரேக்டவுன் வேலைக்கே ஆனது. உதிரிபாகம் கையிருப்பில் இருந்தால்தான் இந்தக் குறைப்பு சாத்தியம். இரண்டையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டுகிறேன்.

கம்ப்ரஸர் சர்வீஸ் ஒப்பந்தம் 6.2இலிருந்து 6.5 லட்சம் (ஒப்பந்தப்படியான உயர்வு). எண்ணெய், கிரீஸ் மாற்றமின்றி 4.1.

புதிதாக, காற்றுக் குழாய்க் கசிவுகளை அடைக்க 3 லட்சம். கசியும் காற்றுக்கும் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரலிலேயே தொடங்க அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
மேலாளர், பராமரிப்புத் துறை