தீபாவளிக்கு முன்னால் ஒரு ஊசி: சமுதாய வானொலி உரை

(தொடக்க இசை, ஐந்து வினாடி. மெல்லக் குறைகிறது.)

எல்லாருக்கும் வணக்கம். நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் பேசுகிறேன். நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் தெருத் தெருவாக வருவேனே, அதே ஆள்தான். அடுப்பில் குழம்பு கொதித்தால் தீயைக் குறைத்து வைத்துவிட்டு கொஞ்ச நேரம் காது கொடுங்கள்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன். பேச்சை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "என்னைக்கு நர்ஸம்மா?" என்று வாசலில் வந்து கேட்கிற ஆட்கள் நாம். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி மூன்று நாள் போடுகிறோம். அக்டோபர் 4, சனிக்கிழமை, கீழத்தெரு அங்கன்வாடியில், காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை. அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, ஊராட்சி மன்றக் கட்டடத்தில், சாயங்காலம் 4 மணியிலிருந்து 7 மணி வரை. அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை, காளியம்மன் கோயில் மண்டபத்தில், காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் சாயங்காலம் என்று கேட்பீர்கள். நடவுக்குப் போகிற அக்காமார்களுக்காகத்தான். போன தடவை காலையில் வைத்தோம். அங்கன்வாடி டீச்சரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீங்களெல்லாம் வயலில் இருந்தீர்கள். சேற்றுக் காலோடு வந்தாலும் பரவாயில்லை, ஊராட்சிக் கட்டடத்துக் குழாயில் கழுவிக்கொள்ளலாம்.

புதன்கிழமைகளில் கைக்குழந்தைகளுக்குப் போடுகிற வழக்கமான தடுப்பூசி எப்போதும்போல நடக்கும். அது வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

(சிறிய இடைவெளி. கைப்பம்பு அடிக்கிற ஓசை, மூன்று வினாடி.)

சரி, இந்த அவசரம் எதற்கு? தீபாவளி அக்டோபர் 20. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து இறங்குவார்கள். பலகாரப் பையோடு சளியையும் இருமலையும் கொண்டுவந்து இறக்குவதும் உண்டு. வந்ததும் முதல் வேலையாக அப்பாயியைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது. ஆனால் ஊசி போட்ட அன்றைக்கே உடம்புக்குத் தெம்பு வந்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். 4-ஆம் தேதி போட்டால் 20-ஆம் தேதிக்குள் உடம்பு தயாராகிவிடும். தீபாவளிக்கு முதல் நாள் ஓடிவந்தால், நான் போட்டுத்தான் விடுவேன், ஆனால் அந்தத் தீபாவளிக்கு அது உதவாது. அதோடு ஐப்பசி அடைமழையும் கார்த்திகையும் வருகிறது. மழைக்கு ஒதுங்கி எல்லாரும் ஒரே கூடத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்போம். ஃப்ளூவுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

"சாதாரண சளிக்கு ஊசியா?" என்று மேலத்தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, இது சாதாரணச் சளி இல்லை. சளி என்றால் மூக்கு ஒழுகும், தும்மல் வரும், எழுந்து நடமாடலாம். ஃப்ளூ வந்தால் காலையில் நன்றாக இருந்த ஆள் மாலையில் போர்வைக்குள் கிடப்பார். காய்ச்சல், தலைவலி, அடித்துப்போட்ட மாதிரி உடம்புவலி, வறட்டு இருமல். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரே பயந்ததே, அந்த எச்1என்1 கிருமி எங்கும் போய்விடவில்லை. இப்போது வருஷா வருஷம் வந்துபோகிற ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிறது. அந்தச் சிலர் யார் என்பதுதான் நம் கணக்கு.

இந்தத் தடவை ஊராட்சி ஏற்பாட்டில் நம் ஊருக்கு வந்திருப்பது 200 ஊசி. எல்லாருக்கும் போதாது, அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் முதல் வரிசை கர்ப்பிணிகளுக்கு. எத்தனையாவது மாதமாக இருந்தாலும் போடலாம். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. அம்மா போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போய்ச் சேரும். அடுத்தது அறுபதைத் தாண்டியவர்கள். அப்புறம் சர்க்கரை, இருதயம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டில் மாத்திரை வாங்குகிறீர்களே, உங்கள் பெயரெல்லாம் என் நோட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆறு மாதம் முடிந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் முதல் வரிசைதான். குழந்தைக்கு இதுதான் முதல் ஃப்ளூ ஊசி என்றால் நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். அந்த இரண்டாவது ஊசிக்கும் சேர்த்துத்தான் 200-இல் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் போட்டவர்களும் வர வேண்டும். இந்தக் கிருமி வருஷத்துக்கு வருஷம் சட்டையை மாற்றிக்கொள்கிற ஆசாமி. அதற்கேற்ப ஊசி மருந்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று ஒரு பேச்சு. போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் வலிக்கும். சிலருக்கு லேசாக உடம்பு சுடும். இந்த ஊசியில் இருப்பது செத்த கிருமி. அது ஃப்ளூவைக் கொண்டுவர முடியாது. ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே காய்ச்சலில் இருக்கிறவர்கள் குணமான பிறகு வாருங்கள். முன்பு ஏதாவது தடுப்பூசி போட்டு மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால், கையை நீட்டுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். "மாடு கட்டாமல் கிடக்கிறது" என்றெல்லாம் சொல்லக் கூடாது.

(குரல் சற்று மாறுகிறது.)

இப்போது என் கதை ஒன்று. போன வருஷம் கார்த்திகை மழையில் எனக்கே காய்ச்சல் வந்தது. அன்றைக்கு அங்கன்வாடியில் எடை பார்க்கிற நாள். லீவு போட மனசில்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மாஸ்க் போட்டிருந்தேன், ஆனால் பேசப் பேச அது மூக்குக்குக் கீழே இறங்கிவிட்டது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடைத் தொட்டிலில் போட்டேன். மூன்றாம் நாள் அதில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அது என்னிடமிருந்து போனதா என்று யாரும் கேட்கவில்லை. நான் என்னையே கேட்டுக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் அன்றைக்கு வீட்டில் படுத்திருக்க வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முதல் நாளிலிருந்தே, வந்து ஐந்தாறு நாள் வரைக்கும் மற்றவர்களுக்கு ஒட்டும். அதனால் காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். நூறு நாள் வேலைக்கு நீங்களும் போகாதீர்கள்.

வீட்டுச் சுத்தம் என்றதும் தரையைத் தேய்ப்பதை நினைக்காதீர்கள். நம் வீட்டுத் தரையெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது. நான் பார்ப்பது முந்தானையை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் முந்தானையால் துடைக்கிறோம். அதே முந்தானையில் கையைத் துடைக்கிறோம். சோறு போடும்போது தட்டையும் அதிலேயே ஒரு துடைப்பு. நானும் செய்திருக்கிறேன், கைக்குப் பழகிப்போனது. பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குப் பத்துப் பதினைந்து துண்டாகக் கிழித்து வையுங்கள். மூக்குத் துடைக்க அது மட்டும். ஒருமுறை துடைத்ததும் தனி வாளியில் போட்டு, சாயங்காலம் சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்திருக்கிற ஒற்றை டம்ளர். வீட்டில் ஆறு பேர், டம்ளர் ஒன்று. அண்ணாந்து குடிக்கிற வழக்கம் நம்மிடம் இருந்தது, நல்ல வழக்கம், இப்போது பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். காய்ச்சல்காரருக்குத் தனி டம்ளர், தனித் துண்டு. தாழ்ப்பாள், செல்போன், டிவி ரிமோட் இவற்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு துடையுங்கள். எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் இந்தக் கிருமி ஒரு நாளுக்கு மேலேயே உயிரோடு இருக்கும். ரேஷன் கடையில் விரல் வைத்துவிட்டு வந்தால் நேராகக் குழாயடிக்குப் போங்கள்.

குழாயடியில் சோப்பு இருக்க வேண்டுமே! வைத்தால் காக்கா தூக்கிப்போகிறது, வழுக்கிச் சாக்கடையில் விழுகிறது. வடக்குத் தெருவில் ஒரு அக்கா செய்திருப்பதைப் பார்த்து அசந்துவிட்டேன். வெங்காயம் வாங்கி வந்த வலைப்பையில் சோப்புத் துண்டுகளைப் போட்டு அடிபம்பின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பையோடு கசக்கினால் நுரை வருகிறது. தேய்ந்துபோன துண்டும் வீணாகவில்லை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, மனசுக்குள் ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணுங்கள்.

இருமல் வந்தால் உள்ளங்கையால் பொத்தாதீர்கள், முழங்கை மடிப்பில் இருமுங்கள். காலையில் ஒரு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் கஞ்சி, ரசம், வெந்நீர், ஓய்வு. நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடியுங்கள், அதை ஊசிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன காலுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மருந்துக் கடையில் "ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு ஃப்ளூ கிருமி சாகாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104. கர்ப்பிணிகளும் சர்க்கரைக்காரர்களும் காய்ச்சல் வந்த முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஃப்ளூவுக்கு என்று மாத்திரை இருக்கிறது. இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

மறுபடியும் தேதி. 4 சனி காலை, கீழத்தெரு அங்கன்வாடி. 5 ஞாயிறு சாயங்காலம், ஊராட்சி மன்றக் கட்டடம். 7 செவ்வாய் காலை, காளியம்மன் கோயில் மண்டபம். ஆதார் அட்டை கொண்டு வாருங்கள். கர்ப்பிணிகள் பிக்மி எண் எழுதிய அட்டையையும் எடுத்து வாருங்கள். தோள்வரை ஏற்றிவிடக்கூடிய சட்டை, ரவிக்கை போட்டு வாருங்கள். இறுக்கமான கைவைத்த ரவிக்கையோடு வந்து, அதைக் கழற்ற மறைப்பு தேடி அரை மணி நேரம் போகிறது. நடக்க முடியாத தாத்தா, அப்பாயி இருக்கிற வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுத்தால், செவ்வாய் மதியத்துக்கு மேல் பெட்டியோடு நானே வீட்டுக்கு வருகிறேன். நாயை மட்டும் கட்டி வையுங்கள்.

(முடிவு இசை.)