பால் தொட்டி T-2: சிஐபி கழுவல் வரிசை, இயக்குநர்களுக்கானது

இந்த ஏடு 10,000 லிட்டர் செங்குத்துப் பால் தொட்டி T-2-க்கு மட்டும் உரியது. தொட்டியின் விட்டம் 2.2 மீட்டர், மேலே ஒரு நிலையான ஸ்ப்ரே பந்து. திரையில் தெரியும் வால்வுப் பெயர்களையே இங்கும் எழுதியிருக்கிறேன். கடத்துத்திறன் எண்கள் எல்லாம் 25 டிகிரிக்கு ஈடு செய்த, சென்டிமீட்டருக்கு மில்லிசீமன்ஸ் கணக்கு.

அனுப்பும் பக்கம்: V1 புதுத் தண்ணீர், V2 காஸ்டிக், V3 நைட்ரிக் அமிலம், V4 மீட்பு நீர், V5 ஸ்ப்ரே பந்துக்கு. திரும்பும் பக்கம்: V20 தொட்டி வெளியேற்றம், V11 சாக்கடை, V12 காஸ்டிக் தொட்டி, V13 அமிலத் தொட்டி, V14 மீட்பு நீர்த் தொட்டி. காற்றழுத்தம் போனால் V11 தானாகத் திறக்கும். மற்றவை தானாக மூடும். P1 அனுப்பும் பம்பு, P2 திரும்பும் பம்பு. CT1 கடத்துத்திறன், TT1 வெப்பம். இவை இரண்டும் திரும்பும் குழாயில் இருக்கின்றன. FT1 அனுப்பும் ஓட்டம்.

காஸ்டிக் தொட்டியில் சூடு இருப்பதும் செறிவு இருப்பதும் T-2-இன் சுவர் சுத்தமானதற்குச் சான்று ஆகாது. சுவரைத் தொட்டுத் திரும்பி வரும் நீர் சொல்வதே சான்று. அதனால்தான் ஒவ்வொரு படியும் திரும்பும் குழாயின் அளவைப் பார்த்தே முடிகிறது.

தொடங்கும் முன்

பால் குழாயின் வளைவு இணைப்பைக் கழற்றி சிஐபி பக்கம் மாட்டுங்கள். அது மாட்டியிருப்பதை உணரும் PX1 உணரியின் விளக்கு எரியாவிட்டால் வரிசை தொடங்காது. அந்த உணரியை இரும்புத் துண்டு வைத்து ஏமாற்றக் கூடாது, ஒரு நாளும். பாலையும் காஸ்டிக்கையும் பிரித்து வைப்பது அந்த இணைப்பு ஒன்றுதான்.

அடுத்து, தொட்டியின் காற்றுப்போக்கி திறந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். 72 டிகிரி காஸ்டிக் ஓடியபின் உள்ளே இருப்பது சூடான ஈரக்காற்று. அதன்மேல் குளிர்ந்த நீர் விழுந்ததும் நீராவி சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் காற்றுப்போக்கியின் வலையில் பால்தூள் படிந்து அடைத்திருந்தது. நல்ல எஃகுத் தொட்டி சில நொடிகளில் உள்வாங்கி நசுங்கியது. வலையைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும்.

பம்பு விதிகள்

P1-இன் வேகத்தை FT1 பார்த்து இயக்கி மாற்றும். இலக்கு மணிக்கு 13,000 லிட்டர். இந்தச் சுற்றளவுக்கு ஸ்ப்ரே பந்து சுவர் முழுவதும் நனைக்க 12,400 வேண்டும். 51 மி.மீ. குழாயில் இதுவே நொடிக்கு 2 மீட்டர் வேகம் தரும், 1.5-க்குக் கீழே போனால் குழாய்ச் சுவரில் படிவு தங்கும்.

வால்வு திறந்ததாகத் திரும்பு சமிக்ஞை வராமல் P1 தொடங்காது. படி மாறும்போது P1 30 சதவீத வேகத்துக்கு இறங்கும், புது வால்வு திறக்கும், 2 வினாடி கழித்துப் பழையது மூடும். மூடிய வால்வுகளுக்கு எதிராகப் பம்பு அழுத்தக் கூடாது. குழாய் அதிர்வதும் இதனால் குறையும். P1 ஓடத் தொடங்கி 20 வினாடியில் P2 ஓடும். தொட்டி அடியில் நீர் தேங்கி LS1 மட்ட உணரி நனைந்தால் P1 உடனே நிற்கும். தேங்கிய நீருக்கு அடியில் இருக்கும் சுவரில் ஸ்ப்ரே படாது, அந்தக் கழுவலை எண்ணாதீர்கள்.

படி 10, முன்கழுவல். V4, V5, V20, V11 திறந்திருக்கும். 40 வினாடி தெளிப்பு, 30 வினாடி வடிப்பு, இப்படி மூன்று முறை. வெந்நீர் கூடாது, சூட்டில் பால் புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலின் கடத்துத்திறன் 4 முதல் 5.5 வரை, நம் ஆழ்துளைக் கிணற்று நீர் 1.3. CT1 2-க்குக் கீழே இறங்கினால் அடுத்த படி. மூன்று முறையிலும் இறங்காவிட்டால் இன்னும் இரண்டு முறை, அதன்பின் எச்சரிக்கை.

படி 30, காஸ்டிக் செலுத்தல். V4 மூடி V2 திறக்கும். முதலில் வருவது நீர் கலந்த காஸ்டிக், அது V11 வழியே போகட்டும். CT1 35-ஐத் தாண்டி 5 வினாடி நின்றதும் V12 திறந்து V11 மூடும்.

படி 40, காஸ்டிக் சுழற்சி. 1.2 சதவீதம், திரும்பும் நீர் குறைந்தது 70 டிகிரி, 10 நிமிடம். கலக்கி ஒரு நிமிடத்துக்கு 10 வினாடி சுற்றும்; இல்லையென்றால் அதன் இறக்கைகளின் அடிப்பக்கம் கழுவப்படாது. நேரம் எண்ணும் நிரல் இது:

```
IF Pulse_1s AND CT1 >= 55.0 AND CT1 <= 70.0
   AND TT1 >= 70.0 AND FT1 >= 12.4 THEN
    HoldSec := HoldSec + 1;
END_IF;
IF HoldSec >= 600 THEN Step := 50; END_IF;
```

FT1 இங்கே மணிக்கு ஆயிரம் லிட்டர் கணக்கு. நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் எண்ணிக்கை நிற்கும், ஆனால் அழியாது. சூடு குறைந்து போனால் பத்து நிமிடம் பதினெட்டு நிமிடம் ஆகலாம். ஆகட்டும். இந்தப் படியைக் கையால் தாண்டும் பொத்தானை மேற்பார்வையாளர் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

CT1 55-க்குக் கீழே போனால் காஸ்டிக் தொட்டியில் ஊட்டும் பம்பு 10 வினாடி ஓடி 40 வினாடி நிற்கும், கலந்தபின் அடுத்த முறை. தொடர்ந்து ஓடவிட்டால் அளவு மீறிப்போகும்.

படி 50, இடைக்கழுவல். V2 மூடி V1 திறக்கும். V12 அப்படியே, குழாயில் உள்ள காஸ்டிக்கைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும். CT1 35-க்குக் கீழே வந்ததும் V14, பின் 2-க்குக் கீழே 30 வினாடி நின்றால் படி முடிந்தது.

இதில் அவசரம் வேண்டாம். நம் 0.8 சதவீத நைட்ரிக்கின் கடத்துத்திறன் ஏறக்குறைய 49, காஸ்டிக்கினுடையது 62. திரையில் 50 என்று தெரிந்தால் அது அமிலமா, காரமா என்று CT1-ஆல் சொல்ல முடியாது. எனவே CT1 2-க்கு இறங்காமல் V3 திறக்கவே முடியாதபடி பூட்டியிருக்கிறோம். சந்தேகம் வந்தால் லிட்மஸ் தாள்.

படி 60, 70, அமிலம். செலுத்தும் முறை படி 30 போலவே, V3, V13, திருப்பும் எல்லை 28. பிறகு 62 டிகிரியில், CT1 42 முதல் 54 வரை இருக்கும்போது மட்டும் எண்ணி, 6 நிமிடம். சில ஆலைகளில் அமிலம் வாரத்துக்கு ஒருமுறைதான். நம் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அது போதாது. பால்கல் படிந்தபின் தேய்த்து எடுக்கும் பாடு பெரும்பாடு. தினமும் போடுகிறோம்.

படி 80, இறுதிக்கழுவல். V1 திறந்து V13 வழியே தள்ளல், 28-க்குக் கீழே V14. முடிவை நிலையான எண்ணால் தீர்மானிக்காதீர்கள்: கோடையில் கிணற்று நீரே 1.6 காட்டும். அன்று காலை V1 நீரை மட்டும் ஓட்டிப் பதிவு செய்த அளவோடு CT1 0.2-க்குள் வந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பின் P1 நிற்கும், P2 தொட்டியை வடித்து ஓட்டம் இல்லாமல் போனதும் நிற்கும், V11 திறந்தபடி இருக்கும்.

படி 90. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொட்டி காலியாக இருந்தால், பால் நிரப்பும் முன் 85 டிகிரி வெந்நீர் 5 நிமிடம்.

வாரச் சோதனை

பழைய காஸ்டிக் காற்றிலுள்ள கரியமில வாயுவால் கார்பனேட் ஆகும், பால் கொழுப்பால் சோப்பாகும். அப்போதும் மின்சாரம் கடத்தும். CT1 62 என்றே காட்டும். ஆகவே திங்கள் தோறும் 10 மி.லி. எடுத்து, பினால்ப்தலீன் விட்டு, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்யுங்கள். 6 மி.லி. ஆனால் 1.2 சதவீதம். CT1 சரியாக இருந்தும் 5-க்குக் கீழே வந்தால் அந்தக் காஸ்டிக்கைக் கொட்டிவிட்டுப் புதிது தயாரியுங்கள். மேலும் ஊட்டிச் சரிக்கட்ட வேண்டாம். அளவையும் தேதியையும் உங்கள் கையெழுத்தையும் T-2 பதிவேட்டில் அன்றே எழுதுங்கள்.