ரஸ்க் ராசு: கொழிஞ்சாம்பாறை பேக்கரியின் அனிமேஷன் குறிப்பு

ஆள் எப்படி?
கேக்கும் பஃப்ஸும் கண்ணாடிக்குள் மினுக்க, மூலையில் தகர டப்பாவில் கிடக்கும் ரஸ்க்தான் நம் நாயகன். ரொட்டியாக ஒரு முறை வெந்து, துண்டுகளாக அறுபட்டு, மிதமான சூட்டில் மறுபடி காய்ந்தவன். அந்த அனுபவமே அவனுடைய திமிர். எல்லோரையும் "கண்ணு" என்பான். வாய் பெரியது, உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி.

உடம்பு விறைப்பாக இருக்கட்டும். வளைய வேண்டியவை கை, கால், புருவம் மட்டும். நடக்கும்போது சர்க்கரைத் துகள் உதிர வேண்டும். கன்னம் தொட்டுக் கொஞ்சும் பொம்மை முகம் வேண்டவே வேண்டாம். ராசுவை யாரும் கடிப்பதாகக் காட்டாதீர்கள், குழந்தைகள் அழும்.

முத்திரை வசனம்: "இரண்டு தடவை வெந்தவன் நான், கண்ணு!"

கடைக்கான மூன்று விளம்பரப் படங்களும் நிமிர்ந்த சட்டகம், தலா 15 வினாடி. பலர் ஒலியை அணைத்தே பார்ப்பதால் வசனம் எழுத்திலும் வரும். கொழிஞ்சாம்பாறை தமிழும் மலையாளமும் புழங்கும் பாலக்காட்டு எல்லை ஊர் என்பதால் மேலே தமிழ், கீழே மலையாளம்.

படம் 1: அடுப்பு
ரொட்டித் துண்டுகள் தட்டில் வரிசையாக நிற்கின்றன. அடுப்புக் கதவு மறுபடி திறக்கிறது.
சின்னத் துண்டு: "இப்போதுதானே வெளியே வந்தோம்?"
ராசு: "அது குளியல், கண்ணு. இதுதான் வெயில்."
கதவு மூடுகிறது. இருட்டில் கண்கள் மட்டும். திறந்ததும் பொன்னிறத்தில் ராசு, முத்திரை வசனம்.

படம் 2: மழை
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்குகிறது. சாரல் அடிக்கிறது. யாரோ டப்பா மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ராசு, மார்பை நிமிர்த்தி: "காற்றாவது மழையாவது! இரண்டு தடவை வெந்…"
சொல்லும்போதே நமுத்து, மெல்ல முன்னால் சாய்கிறான். குரலும் தொய்கிறது. கடைக்கார அக்காவின் கை வந்து டப்பாவை மூடுகிறது.
உள்ளிருந்து: "கொஞ்சம் இறுக்கி மூடுங்கள், அக்கா."
(தொய்வு முழுதாக மூன்று வினாடி எடுக்கட்டும். அவசரப்படுத்தினால் சிரிப்பு வராது.)

படம் 3: டீ
ஒருவர் "ஒரு சாயா" என்கிறார், பக்கத்திலிருப்பவர் "ஒரு டீ" என்கிறார். ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு கிளாஸ். ராசு ஆற்றங்கரையில் அமர்வதுபோல் கிளாஸ் விளிம்பில் உட்கார்ந்து காலை நனைக்கிறான்.
ராசு: "ஆகா! சுகம், கண்ணு."
பன்: "போதும், எழுந்துவிடு!"
ராசு: "இரண்டு தடவை வெந்தவன் நான்…"
பொதக். ஒரு கால் அடியில் போய்விட்டது. ஒற்றைக் காலில் நொண்டியபடி: "மூன்றாவது தடவை வேண்டாம்."

கடைசி அட்டையில் கடைப் பலகையும் ரஸ்க் டப்பாவும் மட்டும் தெரியட்டும். விலை எழுத வேண்டாம், மாவு விலை ஏறினால் படத்தையே மாற்ற வேண்டிவரும். ராசுவுக்குக் குரல் கொடுப்பவர் இந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும். "கண்ணு" என்பதை இழுக்கும் விதம் வெளியூர்க்காரருக்கு வராது.