தோல் காலணித் தொழிற்சாலையில் நேரடி நேர்முகத் தேர்வு: 2026 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, ராணிப்பேட்டை சிப்காட்

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தின் இரண்டாம் கட்டத்தில் இயங்கிவரும் எங்கள் தோல் காலணித் தொழிற்சாலையில், ஏற்றுமதி ஆர்டர்களுக்காகப் புதிதாக இரண்டு தையல் லைன்களும் ஒரு லாஸ்டிங் லைனும் தொடங்கப்பட இருப்பதால், பல்வேறு பிரிவுகளில் மொத்தம் 188 பணியாளர்களை நேரடியாகத் தேர்வு செய்ய நிர்வாகம் முடிவு செய்துள்ளது. முன்கூட்டியே விண்ணப்பம் அனுப்ப வேண்டியதில்லை. தகுதியுள்ள ஆண்களும் பெண்களும் குறித்த நாளில் நேரில் வந்தால் போதும்.

நாள், நேரம், இடம்

நேர்முகத் தேர்வு 2026 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் நடைபெறும். டோக்கன் காலை 8.30 மணிக்குக் கொடுக்கத் தொடங்கி, பகல் 1 மணியுடன் நிறுத்தப்படும். 1 மணிக்குள் டோக்கன் பெற்ற அனைவரும், எவ்வளவு நேரமானாலும், அன்றே பார்க்கப்படுவார்கள். தற்போது வேறு இடத்தில் வேலை செய்பவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து வரக் கூடாது என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துள்ளோம்.

சிப்காட்டுக்கு முதன்முறை வருபவர்கள் ராணிப்பேட்டை முத்துக்கடையில் இறங்கிக்கொள்ளவும். அங்கிருந்து காலை 8 மணி முதல் 11 மணி வரை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, முன்கண்ணாடியில் 'நேர்முகத் தேர்வு' என்று ஒட்டப்பட்ட எங்கள் தொழிற்சாலைப் பேருந்து புறப்படும், கட்டணம் இல்லை. ரயிலில் வருபவர்கள் வாலாஜா ரோடு நிலையத்தில் இறங்கி முத்துக்கடைக்கு வரலாம். சொந்த வண்டியில் வருபவர்கள் நீல நிறக் கூரையுடைய எங்கள் கட்டடத்தின் இரண்டாவது வாயில் வழியாக மட்டும் உள்ளே வரவும். முதல் வாயில் சரக்கு லாரிகளுக்கானது.

பணியிடங்கள்

தையல் பிரிவுக்கே அதிக ஆட்கள் தேவை. ஃபிளாட் பெட், போஸ்ட் பெட் இயந்திரங்களில் காலணி மேல்பகுதியைத் தைக்க 60 பேர் எடுக்கப்படுவார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடி பகுதிகளில் உள்ள காலணி நிறுவனங்களில் குறைந்தது ஓராண்டு தைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆயத்த ஆடைத் தையல் மட்டுமே தெரிந்தவர்களும் வரலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை: துணியில் தவறாகத் தைத்தால் பிரித்துவிட்டு மீண்டும் தைக்கலாம், தோலில் ஊசி குத்திய துளை மூடாது, அந்தத் துண்டே வீணாகும். ஆகவே வேகத்தைவிடக் கை நிதானத்தையே முதலில் பார்ப்போம். ஆடைத் தையலிலிருந்து வருபவர்களுக்கு 45 நாட்கள் ஊதியத்துடன் பயிற்சி அளிக்கப்படும்.

ஒட்டுதல், மடித்தல், நூல் வெட்டுதல் ஆகிய டேபிள் வேலைகளுக்கு 45 பேர் தேவை. இதற்கு முன் அனுபவம் தேவையில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் போதும். திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு ஆகிய காரணங்களால் வேலையை விட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டில் இருந்த பெண்கள் தயங்காமல் வர வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். இடைவெளி ஏன் என்று தேர்வில் கேட்கப்படாது. பழைய கைப்பழக்கம் ஒரு வாரத்தில் திரும்பிவிடும் என்பதை எங்கள் லைன்களில் பலமுறை கண்டிருக்கிறோம்.

வெட்டுப் பிரிவில் கிளிக்கிங் பிரஸ் இயக்கவும் கையால் வெட்டவும் 12 பேர் எடுக்கப்படுவார்கள். தோலின் இழுவை எந்தப் பக்கம் என்று தொட்டுப் பார்த்தே சொல்லவும், தழும்பு, உண்ணிக்கடி, நரம்புத்தடம் ஆகியவற்றை விலக்கி அச்சை வைக்கவும், ஒரு ஜோடியின் இடது வலது துண்டுகளை ஒரே நிறச் சாயலில் வெட்டவும் தெரிந்தவர்களே இதற்கு ஏற்றவர்கள். ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் இயந்திரத்துக்கு 10 பேரும், லாஸ்டிங் பிரிவுக்கு 24 பேரும், ஃபினிஷிங் மற்றும் பேக்கிங் பிரிவுக்கு 20 பேரும் தேவை.

இவை தவிர தரப் பரிசோதகர் 8, லைன் சூப்பர்வைசர் 4, தையல் இயந்திர மெக்கானிக் 3, ஸ்டோர் எழுத்தர் 2 ஆகிய இடங்களும் உள்ளன. சூப்பர்வைசருக்குக் காலணித் துறையில் ஐந்தாண்டு அனுபவமும், மெக்கானிக்குக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் அல்லது மூன்றாண்டு அனுபவமும், எழுத்தருக்குப் பட்டப்படிப்பும் கணினியில் தமிழ், ஆங்கிலம் தட்டச்சு செய்யும் பழக்கமும் வேண்டும்.

எல்லாப் பணிகளுக்கும் 2026 ஜூன் 14 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எடுக்க இயலாது. உயர்ந்தபட்ச வயது வரம்பு இல்லை.

ஊதியமும் பிடித்தமும்

கைக்கு எவ்வளவு வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் சொல்லி ஆள் சேர்ப்பதால், முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் பலர் மனம் உடைந்து நின்றுவிடுகிறார்கள். அப்படி நேரக் கூடாது. டேபிள் வேலைக்கும் பேக்கிங்குக்கும் மாதம் ரூ.13,500, தையல், ஸ்கைவிங், லாஸ்டிங் பிரிவுகளுக்குத் திறனைப் பொறுத்து ரூ.15,000 முதல் ரூ.18,500 வரை, வெட்டுப் பிரிவுக்கு ரூ.16,000 முதல் ரூ.19,000 வரை மொத்த ஊதியமாக வழங்கப்படும். மற்றப் பணிகளுக்கு ஊதியம் நேரில் பேசி முடிவு செய்யப்படும்.

இதில் வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படை ஊதியம் மற்றும் அகவிலைப்படியில் 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.க்கு மொத்த ஊதியத்தில் 0.75 சதவீதமும் தொழிலாளர் பங்காகப் பிடிக்கப்படும். எடுத்துக்காட்டாக, மொத்த ஊதியம் ரூ.16,000, அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.15,000 என்றால், வைப்பு நிதிக்கு ரூ.1,800, இ.எஸ்.ஐ.க்கு ரூ.120 போக, ரூ.14,080 கைக்கு வரும். நிர்வாகம் தன் பங்கைத் தனியாகச் செலுத்தும். அது உங்கள் ஊதியத்திலிருந்து எடுக்கப்படாது. மாத ஊதியம் ரூ.21,000 வரை உள்ள அனைவருக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்பதால், உங்களோடு உங்கள் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி கிடைக்கும்.

வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.15 வரை, உணவு இடைவேளை 45 நிமிடம். ஞாயிறு விடுமுறை. கூடுதல் நேர வேலை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே. அதற்கு இரு மடங்கு ஊதியம் உண்டு. ஆற்காடு, மேல்விஷாரம், வாலாஜாபேட்டை, திமிரி, கலவை, சோளிங்கர், பொன்னை, திருவலம், காட்பாடி ஆகிய ஊர்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து இலவசமாக இயக்கப்படுகிறது. குழந்தைகள் காப்பகம் வேலை நேரம் முழுவதும் திறந்திருக்கும். கருவுற்ற பெண்கள் பசை ஒட்டும் மேசைகளில் அமர்த்தப்படுவதில்லை.

கொண்டுவர வேண்டிய ஆவணங்கள்

ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் மூன்று ஆகியவற்றை அனைவரும் கொண்டுவர வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் முந்தைய நிறுவனத்தின் பணிச் சான்றையோ கடைசி ஊதியச் சீட்டையோ கொண்டுவரவும். இரண்டும் இல்லாதவர்களைத் திறன் சோதனையை வைத்தே மதிப்பிடுவோம். அசல் ஆவணங்கள் உங்கள் கண் முன்னே சரிபார்க்கப்பட்டு, அந்த இடத்திலேயே திருப்பித் தரப்படும். எந்த அசல் சான்றிதழையும் நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளாது. நகல் எடுக்க வெளியில் அலைய வேண்டாம்; உள்ளேயே இலவசமாக எடுத்துத் தரப்படும். சாதிச் சான்றிதழ் தேவையில்லை.

இரண்டு விஷயங்களைப் புறப்படும் முன் வீட்டிலேயே பார்த்துவிடவும். முதலாவது, ஆதாரில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை பள்ளிச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பது. திருமணத்துக்குப் பிறகு ஓர் ஆவணத்தில் தந்தை பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் இனிஷியலாக இருப்பது நம் பகுதியில் மிகச் சாதாரணம். வேலையில் சேர அது தடையல்ல. ஆனால் வைப்பு நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போது அதுவே பெரிய தடையாக நிற்கும். வித்தியாசம் இருந்தால் அப்படியே வாருங்கள். எதை எங்கே திருத்த வேண்டும் என்று சொல்ல அன்று ஒரு தனி மேசை இருக்கும். ஆதாருடன் இணைத்த கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது, முன்பு வேலை செய்த இடத்தில் கொடுத்த யு.ஏ.என். எண். பழைய இடத்தில் சொல்லாமல் நின்றுவிட்டோமே என்ற பயத்தில் அதை மறைத்துவிட்டுப் புது எண் கேட்பவர்கள் பலர். தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம். பழைய எண்ணைச் சொன்னால் உங்கள் பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கில் வரும். மறைத்தால் நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம் வேறொரு கணக்கில் தனியாகக் கிடக்கும். முந்தைய நிறுவனத்திலிருந்து எப்படி விலகினீர்கள் என்பதற்காக யாரையும் நிராகரிக்க மாட்டோம். இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அதையும் எழுதி எடுத்துவரவும்.

தேர்வு நடக்கும் முறை

ஆவணச் சரிபார்ப்புக்குப் பின் தையல், வெட்டு, ஸ்கைவிங் பணிகளுக்குத் திறன் சோதனை உண்டு. தையலுக்குக் கழிவுத் தோலில் ஒரு நேர்க்கோடும் ஒரு வளைவும் தைத்துக் காட்ட வேண்டும். அறிமுகமில்லாத இயந்திரம் என்பதால் முதல் பத்து நிமிடம் பழகிக்கொள்ளத் தரப்படும், அதற்கு மதிப்பெண் கிடையாது. தளர்ந்த துப்பட்டா, நீளமான வளையல்கள் இயந்திரத்தில் சிக்கும் என்பதால் தவிர்க்கவும். டேபிள் வேலைக்குச் சோதனை இல்லை. ஐந்து நிமிடம் பேசுவதோடு சரி.

ஜூன் வெயிலைக் கருதிப் பந்தலும் குடிநீரும் மோரும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன, மதியம் 12.30 மணிக்கு மேல் காத்திருப்போருக்கு உணவு வழங்கப்படும். கைக்குழந்தையுடன் வருபவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை உண்டு. உடன் வருபவர்கள் பந்தல் வரை வரலாம்.

இந்தத் தேர்வுக்காக எந்த ஏஜென்டையும் நாங்கள் நியமிக்கவில்லை. விண்ணப்பக் கட்டணமோ, முன்பணமோ, சீருடைக்கான தொகையோ வாங்கப்படாது. "உள்ளே ஆள் தெரியும், வேலை வாங்கித் தருகிறேன்" என்று எங்கள் பணியாளர் ஒருவரே பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அன்று உணவுக்கூடத்தில் இருக்கும் மனிதவள மேலாளரிடம் நேரில் சொல்லவும். சொன்னவர் பெயர் வெளியில் வராது. அதனால் அவருடைய தேர்வும் பாதிக்கப்படாது.

தேர்வானவர்களின் டோக்கன் எண்கள் ஜூன் 17, புதன்கிழமை காலை 10 மணிக்கு இரண்டாவது வாயில் பலகையில் ஒட்டப்படும். கைபேசிக்கும் குறுஞ்செய்தி வரும். அவர்கள் ஜூன் 22, திங்கட்கிழமை காலை 8 மணிக்குப் பணியில் சேர வேண்டும். தற்போதைய நிறுவனத்தில் முறைப்படி விலக அவகாசம் தேவைப்படுபவர்கள் நேர்முகத்தின்போதே தெரிவித்தால், ஜூலை 6 வரை இடம் வைத்திருக்கப்படும். சந்தேகங்களுக்கு வேலை நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இரண்டாவது வாயிலில் உள்ள விசாரணை அறையை அணுகலாம்.

மனிதவள மேலாளர்
ராணிப்பேட்டை சிப்காட்
2026 மே 30