வவுச்சிங், வெரிஃபிகேஷன், கம்பெனி ஆடிட்டர்: தேர்வுக்கு முன் ஒருமுறை படிக்க கேள்வி பதில்கள்

பி.காம் கடைசி வருட மாணவர்களுக்காக எழுதியது இது. எல்லாக் கேள்விக்கும் ஒரே கம்பெனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தனியார் கம்பெனி, கணக்கு முடியும் நாள் 31.3.2024. சட்டம் என்று வருகிற இடமெல்லாம் 2013-ம் வருட இந்தியக் கம்பெனிச் சட்டம். பதில் எழுதும்போது "ஆடிட்டர் சரிபார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த ஆவணத்தைப் பார்ப்பார், அது யார் கையில் உருவானது என்று எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

1. வவுச்சிங்குக்கும் வெரிஃபிகேஷனுக்கும் என்ன வேறுபாடு?

வவுச்சிங் நடந்து முடிந்த பரிவர்த்தனையைப் பற்றியது: புத்தகத்தில் உள்ள பதிவு உண்மையாக நடந்ததா, அதற்கு உரிய அனுமதி இருந்ததா, சரியான தொகைக்கு, சரியான கணக்கில், சரியான வருடத்தில் எழுதப்பட்டதா என்பதை ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வெரிஃபிகேஷன் வருடக் கடைசியில் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கிற சொத்து, பொறுப்பு பற்றியது: இருக்கிறதா, கம்பெனிக்குச் சொந்தமா, மதிப்பு சரியா, அடமானத்தில் இருக்கிறதா, சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா. ஏப்ரலில் 9 லட்சத்துக்கு வாங்கிய லேத் மெஷினின் பில் சரியாக இருக்கிறது, வவுச்சிங் முடிந்தது. ஆனால் டிசம்பரில் அதை விற்றுவிட்டு பணத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால்? பில்லை எத்தனை முறை பார்த்தாலும் அது தெரியாது, மார்ச் கடைசியில் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2. 4,20,000 ரூபாய் பில் ஒன்று "பழுதுபார்ப்புச் செலவு" என்று எழுதப்பட்டிருக்கிறது. எப்படி வவுச் செய்வீர்கள்?

பில் கம்பெனி பெயரில் இருக்கிறதா, தேதி இந்த வருடத்துக்கு உள்ளேயா, பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறாரா, ஆர்டரோடும் வேலை முடிந்ததற்கான பதிவோடும் பொருந்துகிறதா, பணம் வங்கி வழியாக அதே சப்ளையருக்குப் போனதா என்று பாருங்கள். அப்புறம் பில்லின் உள்ளடக்கத்தைப் படியுங்கள். பலரும் தொகையை மட்டும் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே "புதிய மோட்டார், பேனல்போர்டு" என்று இருந்தால், அது மெஷினின் திறனையோ ஆயுளையோ கூட்டுகிறதா என்று கேட்க வேண்டும். கூட்டினால் அது மூலதனச் செலவு. அதைப் பழுதுபார்ப்பில் எழுதினால் இந்த வருட லாபமும் சொத்தும் இரண்டுமே குறைந்து காட்டப்படும். பில் உண்மை, பதிவு தவறு.

3. சம்பளப் பட்டுவாடாவில் என்ன கவனிக்க வேண்டும்?

வேலையில் இல்லாத ஆள் பெயரில் சம்பளம் எடுப்பது. சம்பளப் பட்டியலை வருகைப் பதிவு, நியமன ஆணை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு, வங்கிப் பரிமாற்றப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு பேர் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

4. சரக்கிருப்பை எப்படி வெரிஃபை செய்வது?

மெனக்கெட்டுப் படிக்க வேண்டிய கேள்வி இது. 1896-ல் இங்கிலாந்தில் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் தீர்ப்பில், சரக்கு பற்றி மேலாளர் கொடுத்த சான்றிதழை நம்பிய ஆடிட்டர் மேல் பொறுப்பு சுமத்தப்படவில்லை. ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்ற பிரபலமான வரி அங்கிருந்துதான் வந்தது. அதை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பதில் பாதிதான். 1938-ல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் கம்பெனியில் இல்லாத சரக்கும் இல்லாத கடனாளிகளும் கணக்கில் நின்றது வெளிவந்த பிறகு, சரக்கு எண்ணும் இடத்தில் நேரில் நிற்பதும் கடனாளிகளிடம் நேரடியாகக் கேட்பதும் வழக்கமாகிவிட்டன. சரக்கிருப்பு பெரிய தொகையாக இருந்தால் எண்ணும்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும், முடியாத சூழ்நிலையில் மாற்று வழியில் ஆதாரம் தேட வேண்டும் என்று இன்றைய இந்தியத் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 501 சொல்கிறது.

எண்ணுவது கம்பெனியின் வேலை. ஆடிட்டர் அதைக் கவனித்து, சிலவற்றைத் தானே எண்ணி இரண்டு திசையிலும் ஒப்பிடுவார்: பட்டியலில் இருந்து ரேக்குக்கு, ரேக்கில் இருந்து பட்டியலுக்கு. முதலாவதில் இல்லாத சரக்கு மாட்டும், இரண்டாவதில் விடுபட்ட சரக்கு மாட்டும். அடுத்து கட்-ஆஃப்: மார்ச் 30-ல் வந்து இறங்கிய சரக்கை எண்ணிவிட்டு அதன் பில்லை ஏப்ரலில் பதிந்தால் லாபம் வீங்கிவிடும். மதிப்பு என்றால், அடக்கவிலை, நிகரமாக விற்றுப் பெறக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மாடல் உதிரிபாகங்களை விடாதீர்கள்.

5. வங்கி இருப்பு, கடனாளிகள்?

வங்கியிடமும் கடனாளிகளிடமும் உறுதிக் கடிதம் கேட்க வேண்டும், அது நேராக ஆடிட்டருக்கே வந்து சேர வேண்டும். கம்பெனி கை வழியாக வந்த கடிதத்துக்கு அந்த எடை கிடையாது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவரே தன் கடிதத்தில், காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். இத்தனை சாதாரணமான ஒரு சோதனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு எண் போதும். பதில் அனுப்பாத கடனாளி விஷயத்தில், ஏப்ரல், மே மாதங்களில் அவரிடமிருந்து பணம் வந்ததா என்று பாருங்கள்.

6. பொறுப்புகளை வெரிஃபை செய்வது ஏன் கடினம்?

சொத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவார்கள், பொறுப்பில் இருப்பதை மறைப்பார்கள். எழுதாமல் விட்ட கடனைப் பேரேட்டில் தேடினால் கிடைக்காது. அதனால் வெளியே தேட வேண்டும்: ஏப்ரல் முதல் தணிக்கை முடியும் வரை போன பணம் எந்த மாதத்துச் சரக்குக்கு, மார்ச்சில் சரக்கு வந்தும் பில் வராதவை எவை, சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்ட் என்ன சொல்கிறது, இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் ஏதாவது உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்களா, வக்கீல் ஃபீஸ் எந்த வழக்குக்குப் போனது. வங்கிக் கடன் என்றால் ஒப்பந்தம், வங்கியின் உறுதிக் கடிதம், அடமானப் பதிவேடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

7. கம்பெனி ஆடிட்டரின் உரிமைகள்?

பிரிவு 143(1)-ல் இருந்து ஆரம்பியுங்கள். கணக்குப் புத்தகங்களும் வவுச்சர்களும் பதிவு அலுவலகத்தில் இருந்தாலும் வேறு எங்கே இருந்தாலும் எந்த நேரமும் பார்க்கலாம், அதிகாரிகளிடம் தேவையான தகவலும் விளக்கமும் கேட்கலாம். பொதுக்கூட்ட அறிவிப்பு பெறுவது, தன் தணிக்கை தொடர்பான விஷயத்தில் அங்கே பேசுவது பிரிவு 146. பதவிக்காலம் முடியும் முன் அவரை நீக்க வேண்டுமானால் சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும், அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் காகிதத்தில்தான் இருக்கும்.

8. கடமைகள்?

முக்கியக் கடமை, கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று உறுப்பினர்களுக்கு அறிக்கை தருவது. இயக்குநர்களுக்கு அல்ல, உறுப்பினர்களுக்கு. பாதகமான கருத்து சொன்னால் காரணம் எழுத வேண்டும், தணிக்கைத் தரங்களைப் பின்பற்ற வேண்டும். கடன் கொடுத்ததில் போதிய பிணை இருக்கிறதா, சொந்தச் செலவை கம்பெனிச் செலவாக எழுதியிருக்கிறார்களா என்பது போன்ற சிலவற்றை பிரிவு 143(1) பெயர் சொல்லியே விசாரிக்கச் சொல்கிறது.

அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி என்று நம்பக் காரணம் இருந்தால் பிரிவு 143(12) வருகிறது. தொகை ஒரு கோடி ரூபாய்க்குக் கீழே என்றால், தெரிந்த 2 நாளுக்குள் இயக்குநர் குழுவுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். ஒரு கோடியும் அதற்கு மேலும் என்றால், அதே 2 நாளுக்குள் அவர்களிடம் சொல்லி 45 நாளுக்குள் பதில் கேட்டு, பதில் வந்த 15 நாளுக்குள் தன் அறிக்கையை ஏ.டி.டி.-4 படிவத்தில் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். பதிலே வராவிட்டாலும், வரவில்லை என்று குறிப்பிட்டு அனுப்பியே ஆக வேண்டும்.