பழனிமலைக் குறிஞ்சியின் பரவல் மாற்ற ஆய்வு: ஹெர்பேரியம் பதிவுகள் வேண்டி

பெறுநர்: காப்பாட்சியர், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், திரு இருதயக் கல்லூரி, செண்பகனூர்

மதிப்புக்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் எம்.எஸ்சி. தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பழனிமலையில் குறிஞ்சிச் செடி வளரும் இடங்கள் கடந்த நூறாண்டில் எப்படி மாறியிருக்கின்றன என்பதுதான் என் ஆய்வேட்டின் தலைப்பு. செடி மேல்நோக்கி நகர்ந்திருக்கிறதா, அடிவாரப் பக்கம் மறைந்திருக்கிறதா, அப்படி மறைந்திருந்தால் காரணம் வெப்பமா, வாட்டிலும் தைலமரமும் புல்வெளியை விழுங்கியதா என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இதற்காக உங்களிடம் உள்ள குறிஞ்சித் தாள்களின் விவரங்களைக் கேட்டு எழுதுகிறேன். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இந்த மடலின் நகல் போகிறது.

உங்களைத் தேடி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்த மலையின் புல்வெளிகளை 1970-களிலிருந்துதான் நம்பகமாகப் பார்க்க முடிகிறது. பெரிய அளவில் மரத்தோட்டங்கள் போடப்பட்ட காலமும் கிட்டத்தட்ட அதுவே. அதற்கு முன் எந்தச் சரிவில் எந்தச் செடி நின்றது என்று சொல்ல, ஆங்லாது, ஃபொரோ போன்ற உங்கள் சபைத் தந்தையர் மலையேறிச் சேகரித்த காலத்துத் தாள்களை விட்டால் வேறு சாட்சி அதிகம் இல்லை. 1895-லிருந்து அங்கேயே இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தின் லேபிள்களில், வேறெங்கும் கிடைக்காத ஊர்ப்பெயர்களும் சோலைப்பெயர்களும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தச் செடியை எடுத்துக்கொண்டதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து, விதை விட்டு, பட்டுப்போகிறது. பூவில்லாத கிளையைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தாளில் ஒட்டுவதில்லை. அதனால் 1922, 1934, 1946, 1958 என்று பூத்த ஆண்டுகளில் தாள்கள் குவிந்திருக்கும், இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையைச் செடி இல்லை என்று எடுத்துக்கொண்டால் ஆய்வே தவறிவிடும். ஆகவே பதிவுகளை ஆண்டுவாரியாக ஒப்பிடாமல், ஒரு பூப்பை இன்னொரு பூப்போடு ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். 2018-க்குப் பிறகு அடுத்த பூப்பு 2030-ல்தான். அதுவரை காத்திருக்க என் படிப்பு இடம் தராது. இப்போது களத்தில் இலையை வைத்தே அடையாளம் காண்கிறேன்: எதிரெதிராக அமைந்த, ஓரத்தில் பற்கள் கொண்ட, நரம்புகள் மேல்புறம் அழுந்திக் கீழ்ப்புறம் புடைத்த இலை. மன்னவனூர்ப் பக்கம் திறந்த புல்வெளியில் செடி முழங்கால் உயரத்தில் நெருக்கமாகப் புதராக நிற்கிறது. அதே சரிவில் வாட்டில் நிழல் விழும் ஓரத்தில் தண்டு நீண்டு, இலை வெளிறி, ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தோப்புக்குள் பத்தடி போனால் ஒன்றுகூட இல்லை.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு குறிஞ்சித் தாளுக்கும் சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி, இடம், உயரம், வாழிடக் குறிப்பு, பூவோ காயோ இருக்கிறதா என்ற விவரம், பின்னால் யாராவது பெயரைச் சரிபார்த்து ஒட்டிய சீட்டு இருந்தால் அதுவும். இவற்றில் இடமும் உயரமும் லேபிளில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றனவோ அப்படியே கிடைக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்த வேண்டாம், அடியை மீட்டராக மாற்ற வேண்டாம். "7000 அடி" என்று இருந்தால் அது ஆயிரத்துக்கு முழுமையாக்கிய எண்ணாக இருக்கலாம், அதில் மேலும் கீழும் 150 மீட்டர் வரை பிழை ஒளிந்திருக்கும். "2134 மீட்டர்" என்று மாற்றிவிட்டால் அளந்து எழுதியதைப் போலத் தோன்றி, அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். நான் தேடும் நகர்வே அந்தப் பிழையைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். அதேபோல, வெறும் "கொடைக்கானல்" என்று மட்டும் எழுதிய தாள்களையும் ஒதுக்காமல் அனுப்புங்கள். அவற்றை உயரக் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஆனால் எந்தப் பூப்பில் எத்தனை பேர் சேகரித்தார்கள் என்று பார்க்க அவை உதவும்.

தாள்கள் பழைய பெயர்களில் தனித்தனி உறைகளில் இருக்கக்கூடும். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா தவிர, ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானஸ், ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம் ஆகிய பெயர்களிலும் பார்த்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள் கொஞ்சம் பெரியது. குறிஞ்சி மட்டும் போதாது. ஒரு சேகரிப்பாளர் பூம்பாறைக்குப் போய், அதே நாளில் பத்துப் புல்வெளிச் செடிகளை எடுத்துவந்து, பூப்பு ஆண்டாக இருந்தும் குறிஞ்சியை எடுக்கவில்லை என்றால், அது ஏறக்குறைய "அங்கே இல்லை" என்று சொல்லும் தகவல். யாருமே போகாத இடத்தில் பதிவு இல்லை என்பதற்கு அந்த மதிப்பு கிடையாது. இரண்டையும் பிரிக்க, சேகரிப்புப் பதிவேட்டில் பூப்பு ஆண்டுகளுக்குரிய பக்கங்களைப் பார்க்க அனுமதி தேவைப்படும்.

இதெல்லாம் உங்கள் ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை என்று தெரியும். கணினியில் ஏற்றிய பட்டியல் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால், உங்களுக்கு வசதியான ஒரு வாரத்தில் நானே செண்பகனூருக்கு வந்து, உங்கள் ஊழியர் ஒருவர் முன்னிலையில், அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்துத் தாள்களைப் படம் எடுத்துக்கொள்கிறேன். இலைத்துண்டு, மகரந்தம் எதுவும் எடுக்கத் தேவையில்லை. தாளை உறையிலிருந்து எடுப்பதும் வைப்பதும் நீங்கள் சொல்லும் முறைப்படியே. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்துக்கும் தனியாக எழுதுகிறேன். ஒரே சேகரிப்பு எண்ணின் இரட்டைத் தாள் இரண்டு இடத்திலும் இருந்தால் ஒரே பதிவாகத்தான் எண்ணுவேன்.

வேலை முடிந்ததும் எல்லாப் பதிவுகளையும் விரிதாளாக உங்களிடம் ஒப்படைப்பேன். லேபிள் வாசகம் `verbatimLocality`, `verbatimElevation` என்ற பத்திகளில் மாறாமல் இருக்கும். நான் கணித்த இடம் தனிப் பத்திகளில், எவ்வளவு தவறக்கூடும் என்பது `coordinateUncertaintyInMeters` பத்தியில் வரும். பிற்பாடு யாராவது என் கணிப்பைத் தவறென்று கண்டால், மூலத்தைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். செடி இப்போது நிற்கும் துல்லியமான இடங்களை ஆய்வேட்டில் வெளியிடப் போவதில்லை. 2030-ல் பூப்பறிக்க வருபவர்களுக்கு நானே வழிகாட்டியாகிவிடக் கூடாது. அருங்காட்சியகத்தின் பெயரும் தாள் எண்களும் நீங்கள் விரும்பும் வடிவில் ஆய்வேட்டில் இடம்பெறும். படங்களைப் பொதுவில் போடுவதானால் முன்கூட்டியே உங்களிடம் கேட்பேன்.

களப்பணியை வரும் மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பழைய இடங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை உங்கள் தாள்கள்தான் முடிவு செய்யும். எனவே முழுப் பட்டியல் தாமதமானாலும், குறிஞ்சித் தாள்கள் எத்தனை இருக்கின்றன, எந்தெந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று மட்டும் முதலில் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும். அனுமதிக்குத் தனி விண்ணப்பமோ துறையின் கடிதமோ கட்டணமோ தேவையென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஆய்வுத் திட்டத்தின் இரண்டு பக்கச் சுருக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ச. கயல்விழி
எம்.எஸ்சி. தாவரவியல், இறுதியாண்டு
மதுரை