ஒலிப்பியல் அத்தியாயம்: ஒரு பக்கச் சுருக்கம்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு. மெய்யொலிகள் மட்டும், உயிரொலிகளுக்குத் தனித் தாள் உண்டு.

அட்டவணையைப் படிக்கும் முறை: இடமிருந்து வலமாகப் போனால் உதட்டிலிருந்து தொண்டைப் பக்கம் போகிறோம். மேலிருந்து கீழாக வந்தால் காற்றுவழியின் அடைப்பு தளர்ந்துகொண்டே வரும். மூக்கொலி மட்டும் விதிவிலக்கு: வாய் முழுக்க அடைபட்டிருக்கும், காற்று மூக்கு வழியே போகும்.

| முறை | ஈரிதழ் | இதழ்ப்பல் | பல் | நுனியண்ணம் | வளைநா | இடையண்ணம் | கடையண்ணம் |
|---|---|---|---|---|---|---|---|
| அடைப்பொலி | [p] பவளம் | | [t̪] தோணி | [t] காற்று | [ʈ] பட்டினம் | | [k] கடல் |
| அடைப்புரசொலி | | | | | | [t͡ɕ] பச்சை | |
| மூக்கொலி | [m] மீன் | | [n̪] பந்தல் | [n] பனை | [ɳ] கணவாய் | [ɲ] மஞ்சள் | [ŋ] சங்கு |
| ஆடொலி | | | | [r] இறால் | | | |
| வருடொலி | | | | [ɾ] கரை | | | |
| மருங்கொலி | | | | [l] வலை | [ɭ] வாளை | | |
| உரசாத் தொடரொலி | | [ʋ] வஞ்சிரம் | | | [ɻ] கீழக்கரை | [j] பாய்மரம் | |

காலிக் கட்டங்களை நிரப்ப வேண்டாம். அந்த இடத்தில் தமிழுக்குத் தனி ஒலியன் இல்லை என்பதே அவை சொல்லும் செய்தி.

எழுத்தும் ஒலியும் ஒன்றல்ல

அதிக மதிப்பெண் போவது இங்கேதான். வல்லின எழுத்து ஒன்றாக இருந்தாலும், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ககரத்தைப் பாருங்கள்: 'கடல்' சொல்முதலில் அதிர்வில்லாத [k]. 'திருக்கை' இரட்டித்தாலும் அதிர்வில்லை, [kk]. 'சங்கு' மூக்கொலிக்குப் பின் அதிர்வுடைய [ɡ]. 'நகம்' இரண்டு உயிருக்கு நடுவே அடைப்பே விழாமல் உரசும் [ɣ], பலர் வாயில் [h]. ஆக, ஓர் எழுத்து இடத்துக்கேற்ப அடைப்பொலியாகவும் உரசொலியாகவும் ஒலிக்கிறது; உரசொலி தனி ஒலியன் அல்ல என்பதால் அட்டவணையில் அதற்கு வரிசை இல்லை.

மற்றவையும் இதே வழிதான்: பாம்பன் [mb], நண்டு [ɳɖ], பந்தல் [n̪d̪]. சகரம் மட்டும் கொஞ்சம் தனி. 'சுறா' என்னும்போது பெரும்பாலோர் [s] என்றே தொடங்குகிறோம். 'பச்சை'யில்தான் அடைப்பு கேட்கும். தேர்வில் சகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இரட்டித்த சொல்லையே எழுதுங்கள்.

நம் பேச்சில் கவனிக்க வேண்டியவை

தென்மாவட்டப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும். கீழக்கரை 'கீளக்கரை' ஆகும். அது பிழையல்ல, வட்டார வழக்கு. ஆனால் பேச்சைப் பதிவு செய்து குறியிடும்போது [ɭ] என்றும், எழுத்துத் தமிழ் வாசிப்பைக் குறியிடும்போது [ɻ] என்றும் எழுத வேண்டும். கேட்டதை எழுதாமல் எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதினால் அந்தப் பதிவுக்குப் பயனில்லை.

'காற்று' பேச்சில் 'காத்து' ஆகும்போது அடைப்பு நுனியண்ணத்திலிருந்து பல்லுக்கு இடம் மாறுகிறது, [t̪t̪]. வாசிக்கும்போதும் பலர் இதில் ஒரு ரகரத்தைச் சேர்த்து [tr] என்கிறோம். பாக் நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் சுத்தமான நுனியண்ண [tt] கேட்கலாம். ஒலிப்பதிவு கிடைத்தால் காது கொடுத்துக் கேளுங்கள்.

ர, ற வேறுபாடும் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாநுனி ஒருமுறை தட்டினால் வருடொலி, பலமுறை அதிர்ந்தால் ஆடொலி. 'கரை', 'கறை' இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள்.

சந்தேகம் வந்தால் சோதிக்க

மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என நீட்டுங்கள், உடனே நின்றுவிடும். 'ல்ல்ல்' நிற்காது. மருங்கொலியா என்று பார்க்க, லகரத்துக்கு நாக்கை வைத்தபடியே மூச்சை உள்ளே இழுங்கள்; நாவின் ஓரங்களில் குளிர்ச்சி தெரியும். அதிர்வுக்குத் தொண்டையில் விரல் வையுங்கள், ஆனால் 'க' என்று உயிரோடு சொல்லாதீர்கள். அகரமே அதிரும், விரல் ஏமாந்துவிடும். 'பாக்கு', 'சங்கு' இரண்டையும் சொல்லி, உகரத்துக்கு முந்தைய அந்த நொடியை மட்டும் ஒப்பிடுங்கள்.

பழைய சொல், புதிய சொல்

தொல்காப்பியப் பிறப்பியல் ககர ஙகரத்துக்கு முதல்நா, சகர ஞகரத்துக்கு இடைநா, டகர ணகரத்துக்கு நுனிநா என்று சொல்கிறது. 'முதல்' என்றதும் நாக்கின் முன்பக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே முதல் என்பது அடி, வேர்ப்பக்கம். எனவே முதல்நா ஒலி கடையண்ணத்துக்கு நேராக வரும். நுனிநா என்பதைப் பார்த்து டகரத்தை நுனியண்ணக் கட்டத்தில் போடுவதும் தவறு. அங்கே பேசப்படுவது நாவின் எந்தப் பகுதி என்பது; நம் அட்டவணையின் தலைப்போ அண்ணத்தின் எந்த இடம் என்பது. வளைநாவில் நுனி மேல்நோக்கி வளைந்து, பல்லீறுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொடும்.